அப்பாவின் பெருவிரலைப் பார்த்துக் கேம் வாங்குங்கோ



இந்த வார எபிசோடில் ஒரு நேயர் கேட்டிருந்தா: “ரிட்டயர் ஆன அம்மா அப்பாவுக்கு என்ன கேம் வாங்கிக் குடுக்கலாம்?” நான் மைக் முன்னால் இருந்து கொண்டு, பெரிய ஆள் மாதிரி, “ஈஸியான கேமா பார்த்து வாங்குங்கோ” என்று சொல்லி, இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால், அதே பதிலை நம்பித்தான் நான் என்ர அப்பாவை ஒன்றரை வருசம் கேமுக்குக் கிட்டவே வராமல் பண்ணி வைத்திருந்தேன். அதனால் இந்தக் கடிதத்தில் அந்தப் பதிலை வாபஸ் வாங்குகிறேன்.

கதை இதுதான். அப்பாவுக்கு 68 வயது. ஸ்காபரோவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் 24 வருசம் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். அவருடைய விளையாட்டு 304. ஊரில் இருந்து வந்த நாலு பேர், வெள்ளிக்கிழமை இரவு, ஒரு கட்டுக் காட்ஸ், பிளேன்ரீ. எந்தக் காட் வெளியே வந்தது, எது இன்னும் யாருடைய கையில் இருக்கு என்று கடைசி வரைக்கும் நினைவு வைத்திருப்பார். பிறகு ஒருவர் மகளோடு இருக்க எட்மன்டனுக்குப் போய்விட்டார், ஒருவர் காலமாகிவிட்டார். நாலு பேர் இல்லாமல் 304 இல்லை. ரீவிக்கு முன்னால் இருக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது.

நான் ஒரு ஸ்விட்ச் வாங்கிக் குடுத்தேன். அக்காவின் மகனுக்கு ஆறு வயது. அவனும் அம்மப்பாவும் சேர்ந்து மரியோ கார்ட் ஓடுவினம் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் அப்பா மூன்று ரேஸ் ஓடினார், மூன்றிலும் கடைசி. அடுத்த சனி, “நீங்கள் விளையாடுங்கோ, எனக்கு நியூஸ் பார்க்க வேணும்” என்றார். அதற்கடுத்த சனி, “எனக்கு உதெல்லாம் இனி வராது தம்பி. வயசு போட்டுது.” நானும் ஓம் என்று விட்டுவிட்டேன். அதுதான் என் பிழை. அவர் சொன்ன காரணத்தை நான் சரி பார்க்கவே இல்லை.

உண்மையில் நடந்தது என்ன?

ஒன்றரை வருசம் கழித்து, அவர் ஜாம் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் உள்ளங்கையால் அமர்த்தித் திருப்புவதைப் பார்த்தேன். டொக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்: இரண்டு பெருவிரலின் அடி மூட்டும் தேய்ந்திருக்கு, வலது கை மோசம். மணிக்கட்டுக்குக் கிட்ட, பெருவிரல் தொடங்குகிற இடத்தில் இருக்கிற மூட்டு அது. எதையும் நுள்ளிப் பிடிக்கும்போது, விரல் நுனியில் போடுகிற பலத்தைப் போலப் பல மடங்கு பாரம் அந்த அடி மூட்டில்தான் இறங்கும். சாவி திருப்புவது, சட்டை பட்டன் போடுவது, சின்னக் கொன்ட்ரோலரைப் பிடிப்பது எல்லாம் இந்த வகை.

இப்போது அந்த முதல் நாளைத் திரும்ப யோசித்துப் பாருங்கோ. நான் அவரிடம் குடுத்தது ஒரேயொரு ஜோய்-கொன், பக்கவாட்டில் பிடிக்க. அதைப் பிடிக்கவே இரண்டு கையாலும் நுள்ள வேணும். மரியோ கார்ட்டில் கார் ஓட வேணும் என்றால் வேகப் பட்டனை வலது பெருவிரலால் ரேஸ் முழுக்க அமர்த்திப் பிடிக்க வேணும். ஒரு ரேஸ் இரண்டு, மூன்று நிமிடம். விரலை எடுத்தால் கார் நிற்கும். அப்பா வலியில் விரலை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார், கார் நின்று நின்று போயிருக்கிறது. நான் அதைப் பார்த்து, “அப்பாவுக்குக் கேம் விளங்கேல்ல” என்று முடிவு கட்டினேன். அவருக்கு ரோட்டும் விளங்கியது, வளைவும் விளங்கியது. பெருவிரல்தான் ஒத்துழைக்கவில்லை.

இதில் இருந்து வந்ததுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த ஒரே விசயம்: கை நோகிற வேலையை மெஷினிடம் குடுங்கோ, யோசிக்கிற வேலையை அப்பா அம்மாவிடமே விடுங்கோ. “ஈஸி கேம்” என்று நாங்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. யோசிக்க ஒன்றும் இருக்காது, ஆனால் விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேணும்.

முதலில் இருபது நிமிடம் கையைப் பாருங்கோ

எதையும் வாங்க முதல், வீட்டில் இருக்கிற எதையாவது குடுத்து இருபது நிமிடம் விளையாட விடுங்கோ. திரையைப் பார்க்காதேங்கோ, அவர்களுடைய கையைப் பாருங்கோ. நாலு விசயம் கவனிக்க வேணும்.

ஒன்று, பிடிப்பது. விரல் மூட்டுகள் வெளிறும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தால், பட்டனை அமர்த்த முதலே கை களைத்துவிடும். இரண்டு, அமர்த்திப் பிடித்துக்கொண்டே இருப்பது. ஒரு தட்டு வலிக்காது, இரண்டு நிமிடம் பிடித்தால் வலிக்கும். நடுவில் கையை உதறினால் அதுதான் அறிகுறி. மூன்று, ஒரே நேரத்தில் இரண்டு பட்டன். நாலாவது, அவசரம்: திரையில் ஒன்று தோன்றி மறைய முதல் அமர்த்த வேணுமா?

அடுத்த நாள் காலையில் ஒருக்கால் கேளுங்கோ: “கை எப்பிடி?” முதல் நாளை விடக் கூட நோகிறது என்றால் நேரம் கூடிவிட்டது, அல்லது ஏதோ ஒரு பட்டன் பிழை. கவனம்: மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது காலையில் விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேலே போனால், அது வெறும் தேய்மானமாக இல்லாமல் இருக்கலாம். கொன்ட்ரோலரை வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கோ.

அதே மரியோ கார்ட், வேறு செற்றிங்

அப்பாவுக்காக நான் புதிதாகக் கேம் ஒன்றும் வாங்கவில்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வாகனம் தெரிவு செய்கிற திரையில் + அல்லது − பட்டனை அமர்த்தினால் சின்னதாக மூன்று தெரிவுகள் வரும். ஒன்று வேகப் பட்டனைத் தானே அமர்த்திக்கொள்ளும். ஒன்று கொன்ட்ரோலரைச் சரித்தால் கார் திரும்பும். மற்றது, கார் ரோட்டை விட்டு வெளியே போகாமல் கேமே திருப்பிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போடலாம், அதனால் பேரனுடைய ஆட்டம் மாறாது.

நான் நல்ல பிள்ளையாக மூன்றையும் போட்டுவிட்டேன். அப்பா அரை ரேஸ் ஓடினார். பிறகு கையைச் சும்மா வைத்துக்கொண்டு பார்த்தார். கார் தானே வளைந்து போனது. என்னைத் திரும்பிப் பார்த்து, “கார் தானாப் போனா நான் என்னத்துக்கு இதில இருக்கிறன்?” என்றார்.

அவர் கேட்டது சரி. மூன்றாவது தெரிவு, அவருக்குச் செய்ய முடிந்த வேலையையும் பிடுங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டேன். தானே வேகம் போவதை மட்டும் வைத்தேன். “இது க்ரூஸ் கொன்ட்ரோல் மாதிரி, என்ன?” என்றார். ஓம், அதேதான். 401இல் வருசக்கணக்காக ஓடின மனுசனுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

திருப்புவதற்கு, ஜோய்-கொன்னை உள்ளே செருகுகிற சின்னப் பிளாஸ்ரிக் ஸ்ரியரிங் வளையம் ஒன்று வாங்கினேன். விலை பெரிதாக இல்லை. அதை நுள்ளிப் பிடிக்கத் தேவையில்லை, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்தால் போதும். சரித்துத் திருப்புவதால் பெருவிரலுக்கு வேலையே இல்லை. முதல் நாள் அதைக் காற்றில் தூக்கிப் பிடித்துத் தோள் நொந்துவிட்டது. இப்போது மடியில் ஒரு குஷன் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறார்.

குறையும் இருக்கு. வளைவில் சறுக்கிக்கொண்டு போய் வேகம் எடுப்பதற்கு இன்னொரு பட்டனை அமர்த்திப் பிடிக்க வேணும், அதை அப்பா செய்வதில்லை. அதனால் கூடின வேகத்தில் ஓடினால் பேரனோடு போட்டி போட முடியாது. 50சிசியில் அல்லது 100சிசியில் ஓடினால் ஆட்டம் சமமாக இருக்கு. போன ஞாயிறு மூன்றாவதாக வந்தார். பேரன் நாலாவது. அவன் அழுதான், அம்மப்பா சிரித்தார். அக்காதான் இடையில் மாட்டினா.

அப்பா ஸ்லோ இல்லை, ரீவிதான் ஸ்லோ

இது எனக்கு வெட்கமான பகுதி. வயது போகப் போக எங்கள் எல்லோருக்கும் எதிர்வினை மெதுவாகும். ஒரு வெளிச்சம் வந்தால் அமர்த்து என்கிற வகை கொஞ்சம்தான் மெதுவாகும். சிவப்பா பச்சையா என்று பார்த்து, எந்தப் பட்டன் என்று தெரிவு செய்து அமர்த்துகிற வகைதான் கூட மெதுவாகும். அது உண்மை. ஆனால் அதற்கு மேல் எங்கள் வீட்டு ரீவியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்த்துக்கொண்டிருந்தது.

படத்தை அழகாக்குவதற்காக ரீவி ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் வைத்திருந்து மெருகேற்றிக் காட்டும். நாடகம் பார்க்கும்போது அது தெரியாது. கேமில், நீங்கள் பட்டனை அமர்த்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் சில ரீவிகளில் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இளைய ஆள் அறியாமலே அதைச் சமாளித்துவிடுவான். ஏற்கனவே மெதுவாக இருப்பவருக்கு அது கடைசித் துரும்பு.

ரீவியின் படச் செற்றிங்கில் Game Mode என்று இருக்கும், அதைப் போட்டால் இந்த மெருகெல்லாம் நிற்கும். சரி பார்க்க ஒரு சின்ன வழி: கேமில் ஒரு பட்டனை அமர்த்தி, விரல் கீழே போகிற நேரமும் திரையில் அசைகிற நேரமும் சேர்ந்து இருக்கா என்று உங்கள் ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கோ. Game Mode போட முதலும் போட்ட பிறகும் எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. நான் ஒன்றரை வருசம் இதைச் செய்யவில்லை.

“கோஸி” என்று எழுதியிருந்தால் நம்பாதேங்கோ

பேரன் இல்லாத நாட்களில் அப்பா தனியாக விளையாட ஒன்று வேணும். இங்கே எல்லோரும் சொல்வது ஸ்ரார்டியூ வலி. தோட்டம், மாடு, மெல்லிய மியூசிக். எனக்கும் பிடித்த கேம், நான் எபிசோடில் சொன்ன பெயர்களில் இதுவும் ஒன்று. ஆனால் அப்பா பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்குள்ளே ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கு. கேமில் பத்து நிமிடம் போக எங்களுக்கு ஏழு செக்கன். காலை ஆறு மணியில் இருந்து அடுத்த நாள் அதிகாலை இரண்டு மணி வரைக்கும் ஒரு நாள் என்றால், எங்கள் கணக்கில் பதினாலு நிமிடம். அதற்குள் வீட்டுக்கு வந்து படுக்காவிட்டால் மயங்கி விழுவார். மீன் பிடிப்பதோ, ஓடுகிற மீனுக்குப் பின்னால் ஒரு பட்டையை விட்டு விட்டு அமர்த்தி ஓட்டுகிற வேலை. படம் மென்மையாக இருக்கு, கைக்கு மென்மையில்லை.

அப்பாவுக்குப் பொருந்தியது ஒரு ஜெர்மன் கேம், 2022இல் முழுமையாக வந்தது. கடையில் Dorfromantik என்று அடித்துத் தேடுங்கோ. ஆறு பக்கமுள்ள ஓடு ஒவ்வொன்றாக வரும். அதில் காடு, வயல், வீடு, ஆறு, ரயில் பாதை இருக்கும். பக்கங்கள் பொருந்துகிற மாதிரி வைக்க வேணும். நல்லாகப் பொருத்தினால் கூட ஓடு கிடைக்கும், கட்டு முடிந்தால் ஆட்டம் முடிந்தது. மணிக்கூடு இல்லை. ஒரு ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து வைக்கலாம். ஆனால் யோசிக்க வேணும்: இந்த மூலையை ஆற்றுக்கு விட்டு வைப்பதா, இப்போதே காட்டைப் போடுவதா? இரண்டாம் நாள் அப்பா சொன்னார், “இது காட்ஸ் மாதிரித்தான். கையில வாறதை வச்சு ஆட வேணும்.” தோற்றால் கோபம் வருகிறது. எனக்கு அது நல்ல அறிகுறி.

இதைக் கொம்பியூட்டரில் மவுஸால் விளையாடலாம், அதிலும் நான் ஒரு பிழை விட்டேன். மவுஸைப் பிடித்து இழுப்பது கஷ்டம் என்று ஒரு ட்ராக்போல் வாங்கினேன். அது நகராது, மேலே இருக்கிற உருண்டையை உருட்டினால் அம்புக்குறி ஓடும். “கைக்கு நல்லது” என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஆனால் அந்த வகையில் உருண்டை பக்கத்தில், பெருவிரலுக்குக் கீழே இருக்கு. நோகிற ஒரே விரலிடம் முழு வேலையையும் குடுத்துவிட்டேன்! நாலு நாளில் திருப்பிக் குடுத்தேன். மாற்றாக, நடுவில் பெரிய உருண்டை இருக்கிற வகையை வாங்கினோம். அதை மற்ற விரல்களாலோ உள்ளங்கையாலோ உருட்டலாம், இடது கையாலும் பாவிக்கலாம். உங்கள் அம்மாவுக்கு நோவது பெருவிரல் இல்லாமல் சுட்டுவிரல் மூட்டு என்றால் முதல் வகையே சரியாக இருக்கும். அதனால்தான் முதலில் கையைப் பார்க்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்று. சொலிட்டேர் மாதிரிக் காட்ஸ் கேமில் காட்டைப் பிடித்து இழுக்க பட்டனை அமர்த்திக்கொண்டே நகர்த்த வேணும். விண்டோஸில் பழைய மவுஸ் செற்றிங் பக்கத்தில் ClickLock என்று ஒரு பெட்டி இருக்கு. அதைப் போட்டால், ஒருதரம் கொஞ்சம் நேரம் அமர்த்தி விட்டால் போதும், காட் அம்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். வைக்கிற இடத்தில் இன்னொரு தட்டு. எவ்வளவு நேரம் அமர்த்த வேணும் என்பதையும் அங்கேயே குறைக்கலாம்.

பெரிய கொன்ட்ரோலர் தேவையா?

எக்ஸ்பொக்ஸுக்கு 2018இல் வந்த அடப்டிவ் கொன்ட்ரோலரும், பிளேஸ்ரேஷனுக்கு 2023இல் வந்த அக்ஸஸ் கொன்ட்ரோலரும் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். இரண்டும் நல்ல சாமான். கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துப் பெரிய பட்டன்களை உள்ளங்கையால் அமர்த்தலாம். ஆனால் எக்ஸ்பொக்ஸினது ஒரு அடித்தளம் மட்டும்தான். அதில் வெளிப் பட்டன்களைச் செருகுவதற்கு 19 துளைகள் இருக்கு, அந்தப் பட்டன்களைத் தனியாகக் காசு குடுத்து வாங்க வேணும். விரல்களைத் தனித்தனியாக அசைக்கவே முடியாதவருக்கு அது பெரிய விடுதலை. அப்பா மாதிரி ஒரு மூட்டு மட்டும் நோகிறவருக்கு, அதற்கு முதல் செய்ய வேண்டிய இலவச வேலைகள் நிறைய இருக்கு. ஸ்விட்ச், எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்ரேஷன் மூன்றிலும் பட்டன்களின் வேலையை மாற்றி வைக்கலாம். நோகிற விரலின் வேலையை நோகாத விரலுக்கு மாற்றுங்கோ. சாதாரணக் கொன்ட்ரோலரை ஒரு மடித்த துவாய்க்கு மேல் மேசையில் வைத்து, பெருவிரலுக்குப் பதிலாகச் சுட்டுவிரலால், ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி அமர்த்தச் சொல்லிப் பாருங்கோ. அதற்குப் பிறகும் கஷ்டம் என்றால் காசைச் செலவழியுங்கோ.

அப்பா “வயசு போட்டுது” என்றபோது, அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு மூட்டு, ஒரு பட்டன், ஒரு ரீவி செற்றிங் மூன்றும் ஒளிந்திருந்தன. அவருக்கு அது தெரியாது, அதனால் தன்னையே குறை சொன்னார். எனக்குத் தெரிந்திருக்க வேணும், இதுதானே நான் வாரா வாரம் பேசுகிற விசயம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது “எனக்கு உது வராது” என்று கொன்ட்ரோலரை நீட்டினால், அதை வாங்கி வைக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: “எந்த விரல் நோகுது?”

அப்பாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “மூண்டாவதா வந்ததை எழுதினனீ, போன மாசம் முதலாவதா வந்ததை ஏன் எழுதேல்ல?” என்கிறார். எழுதியாச்சு அப்பா.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கள் வீட்டில் எது சரிவந்தது, எது பிழைச்சது என்று பதில் எழுதுங்கோ. முக்கியமா, பிழைச்சதை.